சீன வாக்கியத்தில் தமிழின் வரிசை

எங்கள் ஒழுங்கையில் வசிக்கும் இளைஞர் ஒருவர் ஒன்றரை ஆண்டாகச் சீனமொழி பயின்றுவருகிறார். ஒருநாள் மாலை தம் பயிற்சிக் கொப்பியை என் முன் விரித்து, "மாஸ்டர், எத்தனை தரம் எழுதினாலும் வசனத்தின் ஒழுங்கு பிழை என்றே வருகிறது" என்று சலித்துக்கொண்டார். சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருந்த வாக்கியம் இது: "நான் வாங்கினேன் ஒரு மீன் சந்தையில் நேற்று". சீனச் சொற்களுக்கு நேரே நான் தமிழ்ச் சொற்களை வைத்துக் காட்டுகிறேன், வரிசை அவருடையதே. பக்கத்தில் ஆசிரியர் எழுதிக்கொடுத்திருந்த திருத்தமோ "நேற்று நான் சந்தையில் வாங்கினேன் ஒரு மீன்" என்றிருந்தது. சந்தைக்குப் போய்வந்த எங்கள் ஊரவர் ஒருவர் இயல்பாகச் சொல்லும் "நேற்று நான் சந்தையில் ஒரு மீன் வாங்கினேன்" என்பதற்கும் அந்தத் திருத்தத்துக்கும் உள்ள பேதம், மீன் என்னும் சொல் வினைக்கு முன் நிற்பதா பின் நிற்பதா என்பது மாத்திரமே. அவ்விளைஞர் எழுதிய பிழையான வரிசை சீனத்துக்கும் உரியதன்று, தமிழுக்கும் உரியதன்று. அது ஆங்கிலத்துக்கு உரியது. அவருடைய பாடநூல் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. ஆகவே ஒவ்வொரு வாக்கியத்தையும் அவர் தமிழில் நினைத்து, ஆங்கிலத்தில் மாற்றி, பிறகு சீனத்தில் வார்த்துவந்தார். அந்த நடுவழியிலேதான் தாய்மொழியிலிருந்து அவர் கொண்டுவந்த செல்வம் கைநழுவியது.

சீனமும் தமிழும் ஒன்றுக்கொன்று எவ்வித சம்பந்தமும் இல்லாத குடும்பங்களைச் சேர்ந்தவை. சீனத்தில் வேற்றுமை உருபு இல்லை; திணை, பால், எண், இடம் காட்டும் விகுதியும் இல்லை. முன்னிலை ஒருமைக்கு அவர்கள் வழங்கும் சொல் ஏறக்குறைய நம் "நீ" போலவே ஒலிப்பதும், பார்த்தல் என்னும் பொருளில் "கான்" என்ற சொல் அங்கே வழங்குவதும் வெறும் தற்செயலே. அவற்றைக் கொண்டு உறவு பேசுவது வீண். ஆனால் உறவில்லாத இருவர் ஒரே விதமாக வீடு கட்டுவதுண்டு. எந்த அறை ஒத்திருக்கிறது, எது மாறியிருக்கிறது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். சீனச் சொற்களைத் தமிழெழுத்தில் தருகிறேன். அம்மொழியின் நான்கு தொனிகளை நம் எழுத்தால் காட்ட இயலாது என்பதை வாசகர் மனத்திற் கொள்வாராக.

முதலில் பெயரெச்சத்தை எடுத்துக்கொள்வோம். "நேற்று நான் சந்தையில் வாங்கிய மீன்" என்ற தொடரைச் சீனத்தில் "ட்சுவோதியென் வோ ட்சாய் ஷிச்சாங் மாய் த யூ" என்பர். சொல்லுக்குச் சொல் பிரித்தால், நேற்று, நான், இல், சந்தை, வாங்கு, இய, மீன் என வரும். "த" என்பது நம் பெயரெச்ச விகுதியின் ஸ்தானத்தில் நின்று, தனக்கு முன்னுள்ள முழுவதையும் பின்வரும் பெயரோடு பிணைக்கிறது. உருபு சந்தைக்கு முன் வந்திருப்பது தவிர மற்றெல்லாம் நம் வரிசையே. ஆங்கிலமோ மீனை முன்னே வைத்து, அதன் வரலாறு முழுவதையும் பின்னே இழுத்துவரும். இதனால் ஆங்கில வழியாகப் பயில்வோருக்குச் சீனத்தின் மிகக் கடினமான பகுதியாகத் தோன்றுவது, எட்டு வயதுத் தமிழ்ப் பிள்ளைக்கு இலேசாக அமைந்துவிடுகிறது. தமிழிலே ஐந்து அடைகளை அடுக்கி, ஈற்றில் பெயரைச் சொல்லி முடிக்கும்வரை கேட்போர் பொறுமையோடு காத்திருப்பது நமக்குப் பழக்கமானது. அதே பொறுமையைத்தான் சீன வாக்கியமும் கேட்கிறது.

இந்த ஒற்றுமை எவ்வளவு அருமையானது என்பதை மொழியியலார் நன்கு அறிவர். கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட தம் ஒப்பிலக்கணத்தில், பெயரெச்சத்தைத் திராவிட மொழிகளின் விசேட இயல்புகளுள் ஒன்றாக எடுத்துப் பேசினார். வினை ஈற்றில் நிற்கும் மொழிகள் பலவற்றில் அடைவாக்கியம் பெயருக்கு முன் வருவதுண்டு. ஆனால் செயப்படுபொருள் வினைக்குப் பின் வரும் மொழிகளில் அடைவாக்கியமும் பெயருக்குப் பின்னேயே வருவது உலகெங்கும் காணும் வழக்கம். அம்மொழிகளுள் அடைவாக்கியத்தை முன்னே வைப்பன சீனமும் மிகச் சில பிறவுமே என்பதை, உலக மொழிகளை நூற்றுக்கணக்கில் ஒப்புநோக்கிய மத்தியூ டிரையர் எடுத்துக்காட்டியுள்ளார். எனவே சீனம் பாதி ஆங்கிலம்போலவும் பாதி தமிழ்போலவும் அமைந்த மொழி என்று சொன்னால் பிழையாகாது. எந்தப் பாதி எது என்பதை அறிந்தவனுக்கே அது வசப்படும்.

பெயரெச்சம் மாத்திரமன்று; அடையாக வருவன எல்லாம் முன்னே வருதல் இரு மொழிக்கும் பொது. "என் தகப்பனாரின் நண்பரின் வீடு" என்று நாம் உடையவரை முன்னும் உடைமையைப் பின்னும் வைப்பதுபோலவே அவர்களும் வைப்பர். நாளைச் சொன்னால் ஆண்டு, மாதம், தேதி என்றும், இடத்தைச் சொன்னால் நாடு, மாகாணம், நகரம், வீதி, வீட்டிலக்கம் என்றும் பெரியதிலிருந்து சிறியதற்கு இறங்குவர். எங்கள் பழைய காணி உறுதிகளை வாசித்தவர்களுக்கு இது புதிதாய்த் தோன்றாது. கோவிற்பற்றைச் சொல்லி, இறையைச் சொல்லி, பிறகு காணியின் பெயரையும் பரப்பையும் குழியையும் சொல்வதே அவற்றின் முறை. குடும்பப் பெயரை முதலிலும் தன் பெயரைப் பின்னும் சொல்லும் சீன வழக்கமும், தகப்பன் பெயரை முன்வைத்து மகன் பெயரைச் சொல்லும் யாழ்ப்பாணத்து வழக்கமும் ஒரே மனப்பாங்கிலிருந்து எழுந்தவை.

இவ்விடத்தில் ஒரு கல்லை நினைவுகூராமல் மேலே செல்ல மனம் வரவில்லை. சீனக் கப்பற்படைத் தலைவர் செங் ஹே இந்நாட்டிலே நாட்டுவித்த மும்மொழிக் கல்வெட்டு, 1911-இல் காலி நகரில் ஒரு மதகின் மூடியாகக் கிடந்து கண்டெடுக்கப்பட்டு, இன்று கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்றும் ஒரே பலகையில் அருகருகே பொறிக்கப்பட்டுள்ளன. சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தெவிநுவரைத் தென்னவரை நாயனாருக்கும் அளித்த காணிக்கைகளைக் கூறுகின்றது. சீனப் பகுதியின் காலம் யோங்லே பேரரசரின் ஏழாம் ஆண்டு, இரண்டாம் மாதம் என்று, ஆண்டில் தொடங்கி நாளில் இறங்குகிறது. அது 1409-க்குச் சமம். காணிக்கைப் பட்டியலில் பொருளின் பெயர் முன்னும் தொகை பின்னுமாகப் பொன் ஆயிரம், வெள்ளி ஐயாயிரம் என்ற போக்கில் அது அமைந்துள்ளது. "அரிசி இரண்டு கொத்து, பயறு ஒரு கொத்து" என்று கடைத்துண்டு எழுதும் எங்கள் வீட்டுப் பெண்களுக்கு இந்த முறையைக் கற்பிக்க வேண்டியதில்லை. வேலணைத் தீவின் அல்லைப்பிட்டிக் கரையில் 1970-களின் பிற்பகுதியில் அகழ்ந்தெடுக்கப்பட்ட சோங் காலத்துப் பீங்கான் ஓடுகள், அக்கல்லுக்கும் சில நூற்றாண்டுகள் முன்னரே சீனப் பொருள்கள் எங்கள் கடலோரத்தில் வந்திறங்கியமைக்குச் சாட்சி. கணக்கையும் நாளையும் இரு மொழியில் எழுத நேர்ந்த அக்காலத்துக் கணக்கர்களுக்கு, வரிசையைப் பொறுத்தமட்டில் அதிக சிரமம் இருந்திருக்காது என்றே நான் கருதுகிறேன்.

இனி வேறுபாட்டுக்கு வருவோம். ஆறுமுக நாவலரின் இலக்கணச் சுருக்கத்தைப் பயின்ற எங்கள் தலைமுறையினர் எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்று வாக்கியத்தைப் பிரிக்கக் கற்றவர்கள். தமிழில் "அண்ணன் தம்பியை அழைத்தான்" என்றாலும், "தம்பியை அண்ணன் அழைத்தான்" என்றாலும் அழைத்தவன் அண்ணனே; ஐயுருபு அந்த உண்மையைக் காத்துநிற்கிறது. செய்யுளிலோ இந்தச் சுதந்திரம் எல்லையற்றது; சொற்கள் கலைந்து கிடந்தாலும் பொருளைக் கூட்டிக்கொள்வதற்கென்றே நன்னூலார் எண்வகைப் பொருள்கோளை வகுத்தார். சீனத்துக்கு அத்தகைய காவல் இல்லை. வினைக்கு முன் நிற்பவன் அழைத்தவன், பின் நிற்பவன் அழைக்கப்பட்டவன். இடம் மாறினால் ஆளே மாறிவிடுவான். அங்கே ஸ்தானமே உருபு. ஆகையால் அழுத்தம் வேண்டிச் சொற்களைப் புரட்டும் நம் பழக்கத்தை, சீனம் எழுத உட்காரும்போது சற்றே கட்டிவைக்க வேண்டும்.

செயப்படுபொருள் வினைக்குப் பின் செல்வது ஒரு தனி விதியன்று. அதனோடு ஒரு குடும்பமே இடம்பெயர்கிறது என்பதைக் கவனித்தால் பெரும் பகுதி விளங்கிவிடும். "எனக்குச் சீனம் பேச முடியாது" என்ற பயனிலைப் பகுதியைச் சீனம், பேசு, முடி, ஆது என்று நான்காகப் பிரிப்போம். சீனர் கூறுவது "பூ ஹ்வெய் ஷுவோ சோங்வென்": அல், முடி, பேசு, சீனம். நம்முடையதைக் கண்ணாடியிற் காட்டியதுபோல, ஈற்றிலிருந்து முதலுக்குச் செல்கிறது. இன்னும் ஒரு படி மேலே போய், "அவன் சீனம் பேச வல்லான் என்று நினைக்கிறேன்" என்போம். அவர்கள் "நான் நினைக்கிறேன், அவன் வல்லான் பேச சீனம்" என்பர். எதிர்மறையும், இயலுதல் வேண்டுதல் முதலியவற்றைக் குறிக்கும் துணைவினைகளும், என்று என்பதோடு முடியும் தொடரும் ஒரே திசையிற் புரள்கின்றன.

ஆகவே மாணவன் மனத்திற் பதிக்கவேண்டிய பிரிவு இதுவே. ஒரு சொல்லை நீக்கினால் வினையின் பொருளே குறைப்பட்டு நிற்குமாயின், அது கண்ணாடி வரிசையிற் செல்லும். நீக்கினாலும் வாக்கியம் நிற்குமாயின், அது நம் வரிசையிலேயே இருக்கும். "வாங்கினேன்" என்றால் எதை என்ற கேள்வி உடனே எழுகிறது; ஆகவே மீன் பின்னே போகிறது. நேற்று என்பதும் சந்தையில் என்பதும் விரும்பிச் சேர்த்தவை; அவை வினைக்கு முன்னே, நாம் வைத்த இடத்திலேயே இருக்கின்றன. ஒப்புவமையிலும் இதைக் காணலாம். "அவன் என்னைவிட உயரம்" என்பதைச் சீனர் "தா பீ வோ காவ்" என்பர்: அவன், விட, நான், உயரம். இரு மொழியிலும் "இரு" என்னும் வினை இல்லை. ஒப்பிடப்படுவது உயரத்துக்கு முன்னேயே நிற்கிறது.

செயப்படுபொருளையும் முன்னே கொணரும் வழி சீனத்திலே உண்டு. இந்த விஷயத்தில் நான் சற்று அதிகம் தங்க விரும்புகிறேன், ஏனெனில் தமிழருக்கு இதைவிட உபகாரமான பகுதி வேறில்லை. "வோ பா யூ ச்சி ல" என்றால் நான், பா, மீன், சாப்பிடு, ல. இதிலே "பா" என்பது முன்னாளில் பிடித்தல் என்னும் பொருளுடைய முழுவினையாக இருந்து, தாங் அரசர் காலம் முதலாக உருபுபோலத் தேய்ந்த சொல். மீனைப் பிடித்துச் சாப்பிட்டான் என்பதில் பிடித்து என்பது வலுவிழந்து வெறும் உருபாகிவிட்டதாகக் கற்பனை செய்தால் அதன் சரித்திரம் புலனாகும். மேலோட்டமாகப் பார்த்தால், இது நம் ஐயுருபே. வாக்கியமும் "நான் மீனைச் சாப்பிட்டேன்" என்பதே.

ஆனால் அவசரப்படலாகாது. "மீன் வாங்கினேன்" என்பதற்கும் "மீனை வாங்கினேன்" என்பதற்கும் உள்ள நுட்பமான பேதத்தை ஒவ்வொரு தமிழரும் உணர்வர். உருபு தொக்க முதல் வாக்கியத்தில் ஏதோ மீன், உருபு விரிந்த இரண்டாவதில் முன்னமே நம் பேச்சில் வந்த அந்த மீன். "பா"வும் அறியப்பட்ட பொருளையே விரும்பும். இந்த ஒற்றுமை தானே ஒரு பெரிய அனுகூலம். ஆங்கிலம் பேசுவோர் பல மாதம் பயின்று பெறும் உணர்வை நாம் பிறப்பிலேயே பெற்றிருக்கிறோம். இரண்டாவதாக, "பா" வாக்கியத்தின் வினை வெறுமையாய் நில்லாது. அதன்பின் முடிவையோ விளைவையோ காட்டும் ஏதேனும் ஒன்று வந்தாக வேண்டும். மேற்காட்டிய வாக்கியத்தின் ஈற்றிலுள்ள "ல" அதற்காகவே நிற்கிறது. ஆதலால் அவ்வாக்கியத்துக்குச் சரியான தமிழ் "சாப்பிட்டேன்" என்பதன்று, "சாப்பிட்டுவிட்டேன்" என்பதே. என் இளைய நண்பருக்கு நான் சொல்லிக்கொடுத்த உபாயமும் இதுதான்: உன் தமிழ் வாக்கியத்தில் ஐயுருபும் விடு என்னும் துணைவினையும் ஒருங்கே பொருந்துமானால் "பா"வைப் பிரயோகிக்கலாம். "அவனை எனக்குத் தெரியும்", "பிள்ளையை விரும்புகிறேன்" என்பவற்றில் விடு பொருந்தாது. சீனத்திலும் அங்கே "பா" வாராது. இந்த உபாயம் எப்போதும் தவறாமல் பலிக்கும் என்று சொல்லமாட்டேன். "அவனைக் கண்டுவிட்டேன்" என்று நாம் சொல்லுவோம். சீனத்தில் காணுதலுக்கு "பா" ஒவ்வாது, ஏனெனில் கண்டதனால் காணப்பட்டவனுக்கு ஒன்றும் ஆவதில்லை.

இன்னொரு வழி, பேசுபொருளை வாக்கியத் தலைப்பில் நிறுத்துவது. "யூ வோ மாய் ல" என்றால் மீன், நான், வாங்கு, ல. அதாவது "மீனை நான் வாங்கிவிட்டேன்". யாரோ மீன் வாங்கச் சொல்லிக் கேட்டபோது விடையாக வருவது இவ்வாக்கியம், இரு மொழியிலும். "யானைக்குத் துதிக்கை நீளம்" என்பதையும் அவர்கள் யானை, துதிக்கை, நீளம் என்றே சொல்வர்.

இவ்விரு வழிகளும் இருப்பதைக் கண்டு, சீனம் காலப்போக்கில் வினையை ஈற்றில் வைக்கும் மொழியாக மாறிவருகிறது என்று 1970-களில் சார்ல்ஸ் லீயும் சாண்ட்ரா தாம்சனும் வாதித்தனர். தமிழருக்கு இன்பமூட்டும் கொள்கை அது. எனினும் 1985-இல் சூன் சாவ்ஃபென்னும் கிவோனும் எழுத்திலும் பேச்சிலும் வந்த வாக்கியங்களை எண்ணிப் பார்த்து, நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேற்பட்டவற்றில் செயப்படுபொருள் வினைக்குப் பின்னேயே நிற்பதைக் காட்டினர். எண்ணிக்கையின் முன் அக்கொள்கை நிலைக்கவில்லை என்பதே என் அபிப்பிராயம். மாணவனும் இதை மறவாது, முன்னே கொணரக் காரணம் உள்ளபோது மாத்திரம் முன்னே கொணர வேண்டும்.

வினைகள் பல தொடருமிடத்தில் மீண்டும் நம் நிலத்திலே கால் வைக்கிறோம். "சந்தைக்குப் போய் மீன் வாங்கி வீட்டுக்கு வந்தேன்" என்று வினையெச்சங்களை நடந்த ஒழுங்கிலே நாம் கோக்கிறோம். சீனரும் எச்ச விகுதி எதுவுமின்றி, போ சந்தை, வாங்கு மீன், வா வீடு என்று நடந்த ஒழுங்கிலேயே கோப்பர். முன் நிகழ்ந்தது முன், பின் நிகழ்ந்தது பின் என்பது அம்மொழியின் தலைமையான நெறிகளுள் ஒன்று என 1985-இல் ஜேம்ஸ் தாய் நிறுவினார். மழை பெய்தால் என்னும் நிபந்தனை முதலிலும் அதன் பயன் பின்னும் வருவதும் இதனோடு சேர்ந்தது. வினா எழுப்புவதற்கு வாக்கியத்தைக் கலைக்க வேண்டியதுமில்லை. ஈற்றில் நாம் ஆகாரத்தைச் சேர்ப்பதுபோல அவர்கள் "மா" சேர்ப்பர், என்ன, யார் என்னும் வினாச்சொற்களும் விடை வரும் இடத்திலேயே நிற்கும்.

ஆனால் இதே நெறி நம்மை இடறிவிடும் இடமும் உண்டு. நேற்று என்பது செயல் நிகழ்ந்த நேரம். அது முன்னே வரும். மூன்று ஆண்டு என்பது செயல் நீடித்த அளவு; செயல் தொடங்கிய பிறகே அளவு பிறப்பதால், சீனம் அதை வினைக்குப் பின் வைக்கிறது. தமிழுக்கு இந்தப் பேதம் இல்லை. "நேற்றுப் படித்தேன்", "மூன்று ஆண்டு படித்தேன்" இரண்டிலும் ஒரே இடம். சீனத்திலோ "நான் படித்தேன் மூன்று ஆண்டு சீனம்" என்றாக வேண்டும். "மீனை மேசைமேல் வைத்தேன்" என்பதிலும், மேசைமேல் என்பது வைத்ததன் முடிவில் மீன் சேர்ந்த இடமாகையால் அது வினைக்குப் பின்னே செல்லும். சந்தையில் வாங்கியது, செயல் நடந்த இடம். மேசையில் வைத்தது, பொருள் போய்ச்சேர்ந்த இடம். நம் ஏழாம் வேற்றுமை இரண்டையும் ஒரே உருபால் மூடிவிடுவதால், தமிழ் மாணவர் எழுதும் சீனத்தில் இப்பிழை ஆங்கிலத்தின் துணையின்றியே நுழைகிறது. இதற்கு மருந்து, எழுதுமுன் "எப்போது, எங்கே நடந்தது" என்ற கேள்வியையும் "எவ்வளவு நேரம், எங்கே முடிந்தது" என்ற கேள்வியையும் வேறுவேறாகக் கேட்டுக்கொள்வதே.

சில வாரங்களாக என் நண்பர் ஆங்கில நூலை மூடிவைத்து, ஒவ்வொரு வாக்கியத்தையும் முதலில் தமிழில் எழுதி, இடம்பெயர வேண்டிய சொல்லின் கீழ் மாத்திரம் கோடிட்டுப் பயின்றார். சென்ற ஞாயிறன்று அவர் கொண்டுவந்து காட்டிய வாக்கியம் இது: "தா பா ட்சுவோதியென் வோ ட்சாய் ஷிச்சாங் மாய் த யூ ச்சி ல". அவன், நேற்று நான் சந்தையில் வாங்கிய மீனைச் சாப்பிட்டுவிட்டான். ஐக்குப் பதிலான "பா"வும் இல்லுக்குப் பதிலான "ட்சாய்"உம் பெயர்களுக்கு முன்னே வந்திருப்பதன்றி, ஒரு சொல்லின் கீழும் கோடு இருக்கவில்லை. எழுவாய், பெயரெச்சம், வேற்றுமை என்ற நம் சொற்களைக் கொண்டே சீன வாக்கியத்தை விளக்கும் ஒரு தமிழ்ப் பாலபாடத்தை, இரு மொழியும் அறிந்த எவரேனும் இனியும் தாமதியாது எழுதித்தர வேண்டும்.